கூடையில் கட்டிய செம்புக் கம்பி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்து கோணலாக வரும், ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றில் போய் நிற்பேன். சில விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. ஆனாலும் இதை வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் எதிரே நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்கு நேராகத் தெரிகிற பக்கம். கரும்பு வெட்டு, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கல், இதுதான் வேலை. வீட்டுக்காரர் போன பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கடலூர்ப் பக்கம் கடலோரத்தில் இருந்த ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போனேன். கடலையே நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். அங்கே எல்லோருக்கும் நான் ஆயாதான். என் பேரைச் சம்பளக் காகிதத்தில் மட்டும் எழுதினார்கள்.

தொட்டி கழுவுவது, இறால் நறுக்கிப் போடுவது, போட்டதைத் தொட்டி நோட்டில் குறிப்பது, இதெல்லாம் என் வேலை. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டு. தண்ணீர் எவ்வளவு சூடு, உப்பு எவ்வளவு என்று படித்தவர்கள் எழுதுவார்கள். கீழே, தின்றதா இல்லையா என்று நான் எழுதுவேன். அந்த இரண்டு வார்த்தையை எழுதி எழுதித்தான் என் கையெழுத்து கொஞ்சம் திருந்தியது.

கடைசி அறைத் தொட்டியில் இரண்டு சுறா இருந்தன. சுறா என்றதும் ஆளை விழுங்குகிறதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவை ஒன்றரை முழம்தான் இருக்கும். தரையோடு தரையாகக் கிடக்கும், மணலைத் துழாவி நண்டு, இறால் தின்னும். கவிழ்த்துப் போட்ட பானை ஒன்று மூலையில் இருக்கும், பகலெல்லாம் அதற்குள்ளே முடங்கியிருக்கும். அந்த இரண்டையும் வைத்து ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளை நான் பாப்பா என்று கூப்பிடுவேன். கல்யாண வயது தாண்டப்போகிறது என்று அவள் அம்மா போனில் சத்தம் போடுவது அறைக்கு வெளியே எனக்குக் கேட்கும். அந்த ஆராய்ச்சி முடிந்தால்தான் அவளுக்குப் பட்டம்.

முதல் மாதம் அவள் என்னை அடுப்பு மூட்டச் சொன்னாள். கடல்பாசி காய்ச்ச வேண்டுமாம்.

"சக்கரை எவ்ளோ பாப்பா போடறது?"

"சக்கரை வேணாம் ஆயா. கடத்தண்ணியில காச்சணும்."

"அய்ய, அத யாரு துன்றது?"

"யாரும் துன்ன வேணாம். இறாலுக்கு வூடு கட்டப்போறோம்."

அப்படித்தான் கட்டினாள். கடல்பாசி உறைந்ததும் நடுவில் குடைந்து, உயிரோடு ஒரு இறாலை உள்ளே விட்டு மூடி, மூச்சுக்குத் தண்ணீர் போக ஒரு மெல்லிய குழாய் வைத்து, அந்தத் தண்ணீர் தொட்டிக்கு வெளியே போய்விடும்படி செய்து, எல்லாவற்றையும் மணலுக்கு அடியில் புதைத்தாள். மேலே பார்த்தால் வெறும் மணல். வாசனையும் வெளியே வராது. பெரிய சுறா பானையை விட்டு வந்தது, மணல்மேல் போனது, இறால் புதைந்திருந்த இடத்துக்கு மேலே வந்ததும் சட்டென்று திரும்பி மூக்கை மணலில் குத்திக் கவ்வியது. எனக்கு மயிர் சிலிர்த்தது. அடுத்த நாள் அதே மாதிரி புதைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போட்டு மணலால் மூடினாள். சுறா அதற்கு மேலேயே நாலு முறை போனது. ஒன்றும் தெரியாதது மாதிரிப் போய்விட்டது.

"பாசி வழியா கரண்ட்டு வரும் ஆயா. பிளாஸ்டிக் வழியா வராது."

"எந்தக் கரண்ட்டு?"

"இறாலோட கரண்ட்டு."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீரில் இருக்கிற எந்த உயிருக்கும் உடம்புக்குள்ளே இருக்கிற உப்பு வேறு, வெளியே இருக்கிற கடலின் உப்பு வேறு. அதனாலேயே செவுள் பக்கம், வாய்ப் பக்கம் துளித் துளி மின்சாரம் கசிந்துகொண்டே இருக்குமாம். மூச்சு விடும்போது அது கூடும், குறையும். தசை அசைந்தாலும் உண்டாகும். அது நமக்குத் தெரியாது, சுறாவுக்குத் தெரியும். ஆனால் தூரத்திலிருந்து தெரியாது. கொஞ்ச தூரம் தள்ளினாலே அது மங்கிப்போகும். தூரத்தில் வாசனைதான். கிட்டே, ஒரு முழத்துக்கு உள்ளே வந்ததும்தான் இது.

ஒரு நாள் மீன் இறங்கும் இடத்திலிருந்து செத்த சுறா ஒன்றை வாங்கி வந்து, மூக்கை என் கண்ணுக்குக் கிட்டே காட்டினாள். ஊசியால் குத்தினது மாதிரி கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள், மூக்கைச் சுற்றி, வாயைச் சுற்றி. அழுத்தினாள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தெளிவாக ஒரு பசை வந்தது. கத்தாழையைக் கிழித்தால் உள்ளே இருக்குமே, அந்த மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழாயின் வாய். குழாய் முழுக்க அந்தப் பசை, அடியில் ஒரு சின்ன மொட்டு. பசை மின்சாரத்தைக் கடத்தும், குழாயின் சுவர் கடத்தாது. வெளியே இருக்கிற மின்சாரம் பசை வழியாக மொட்டு வரைக்கும் குறையாமல் வந்து நிற்கும்; மொட்டு, உடம்புக்குள்ளே இருப்பதையும் இதையும் வைத்துப் பார்த்து வித்தியாசத்தை மூளைக்குச் சொல்லும். இடது பக்கத்துப் புள்ளிக்கும் வலது பக்கத்துப் புள்ளிக்கும் வித்தியாசம் பார்த்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று சுறா முடிவெடுக்கும். டார்ச் லைட் பேட்டரியின் இரண்டு முனையிலும் கம்பி கட்டி, ஒன்றை இங்கே கடலில் போட்டு, மற்றொன்றை எத்தனையோ நூறு மைலுக்கு அப்பால் போட்டால், நடுவில் ஒரு சாணுக்குள் இருக்கிற வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? அவ்வளவு சின்னதைக்கூடச் சில சுறாக்கள் கண்டுகொள்ளும் என்றாள். இதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா தெரியாது.

பிறகு இறாலைப் புதைப்பதை விட்டுவிட்டாள். ஒரு பிளாஸ்டிக் பலகையில் நாலு இடத்தில் கம்பி முனைகள் வைத்து, அதை மணலில் பதித்தாள். பேட்டரிப் பெட்டியிலிருந்து நாலில் ஒன்றுக்கு மட்டும் இறால் கசியவிடுகிற அளவு மின்சாரம் கொடுப்பாள். இறால் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்து ஆசை காட்டுவாள். சுறா வரும், மின்சாரம் இருக்கிற முனையையே கடிக்கும். பத்துக்கு ஒன்பது தடவை தப்பாது. அந்த மாதம் பாப்பா வேலைக்கு நடுவே பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

இனிமேல்தான் என் விஷயம்.

அந்தத் தொட்டியின் மூலையில், பானைக்குப் பின்னால், தண்ணீர் வெளியே போகிற குழாய். குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அது அடிக்கடி கழன்று மிதக்கும். ஒரு நாள் சின்னச் சுறாவின் வால் குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. நான்தான் மெல்ல எடுத்துவிட்டேன். தோல் உரிந்திருந்தது. பாப்பா கண் கலங்கிப்போனாள். இதை நாம் சரி செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என் தம்பி சங்கராபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். எரிந்த மோட்டாரிலிருந்து உருவின செம்புக் கம்பி எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். மேல் பூச்சு எரிந்துபோன வெறும் கம்பி. எங்கள் பக்கத்தில் எதைக் கட்டுவதானாலும் அதுதான். கதவுக் கொண்டி, துணிக் கொடி, வாளிக் காது எல்லாம். கிணற்று மோட்டார்க் குழாயின் அடியில் குப்பை புகாமல் கூடை மாட்டுவோம். கூடைக்குள்ளே கனமாக ஒரு இரும்பு நட்டைப் போட்டு, செம்புக் கம்பியால் சுற்றி இறுக்கிவிட்டால் வருஷக்கணக்கில் அசையாது. நான் பத்து வயதிலிருந்து பார்த்த வேலை. ஊரிலிருந்து வரும்போது ஒரு சுருள் கம்பி என் பையில் இருக்கும்.

அதையே இங்கேயும் செய்தேன். படகுப் பட்டறைக்கு வெளியே கிடந்த பெரிய நட்டு ஒன்று, வெள்ளைப் பூச்சு போட்டது. அதைக் கூடைக்குள் வைத்து, கம்பியால் நட்டையும் கூடையையும் குழாயையும் சேர்த்துச் சுற்றி, மேலே கூழாங்கல் பரப்பினேன். வெளியே பார்த்தால் கூடை மட்டும்தான். நல்ல வேலை செய்தோம் என்று மனதுக்குள் சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை. நான் செய்ததை நானே எப்படிச் சொல்வது?

மறுநாளிலிருந்து சுறாக்கள் பலகையை விட்டுவிட்டன.

இறால் தண்ணீர் தெளித்தால் வரும். நாலு முனைக்கு மேலேயும் சும்மா போகும். நேரே மூலைக்குப் போகும், பானையைச் சுற்றும், எதையோ தேடுகிற மாதிரி மூக்கை நீட்டும், கிட்டே போனதும் சூடு பட்டது மாதிரி உதறிக்கொண்டு திரும்பும். திரும்பவும் போகும். நாலைந்து நாளில் பானைக்குள்ளே இருப்பதையும் விட்டுவிட்டு எதிர் மூலையில் போய்க் கிடந்தன. நோட்டில் நான் "தின்னவில்லை" என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முழுக்க அதே வார்த்தை.

பாப்பா பாட்டை நிறுத்திவிட்டாள். மீட்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். தொட்டியில் எங்கிருந்தோ மின்சாரம் இருந்தது. மூலைப் பக்கம் போகப் போக ஜாஸ்தி. அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், அதே வாரத்தில், நிலையத்து எலக்ட்ரீசியன் எர்த்துக்குக் குழி தோண்டிக் கம்பி இறக்கியிருந்தார்.

அவர் மீனவக் குப்பத்து ஆள். என்னைவிடச் சின்னவர். என்னை யக்கா என்பார். வாய் ஓயாது.

"யக்கா, உன் மீனுக்கு ஷாக் குடுத்துட்டனாம். எம்மேல கேஸு."

"இன்னா தம்பி சொல்ற?"

"பெரிய சார்தான் சொல்றாரு. எர்த்து குழியில இருந்து கசியுதாம். நானும் மோட்டாரைக் கழட்டி மாட்டிக்கினு கெடக்கறேன். மெயினையே ஆஃப் பண்ணிட்டேன், அப்பவும் மீட்டர் காட்டுதுன்னா நான் இன்னா பண்ணட்டும்? மீனே கரண்ட்டு வுடுதோ இன்னாவோ."

நான் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினைந்து நாள் அவர் அந்த அறையிலேயே கிடந்தார். காற்றுக் குழல் மோட்டார், தண்ணீர் மோட்டார், விளக்கு, ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். பாப்பா ஒரு முறை பானையை நகர்த்தி, குனிந்து மூலையைப் பார்த்தாள். பாசி படிந்த பிளாஸ்டிக் கூடை, கூழாங்கல். பிளாஸ்டிக்கில் என்ன இருக்கப்போகிறது என்று நிமிர்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மின்சாரம் என்றால் சுவரில் இருக்கிற சுவிட்சிலிருந்து வருவது என்றுதான் எனக்குத் தெரியும். இறாலுக்குள்ளே இருக்கிறது என்று பாப்பா சொன்ன பிறகும், அது வேறு ஏதோ என்று இருந்துவிட்டேன்.

நிலையத்துக்கே தலைவரான பெரிய சார் பாப்பாவைக் கூப்பிட்டு, இந்த மாதத்துக்குள் மீன் தேறவில்லை என்றால் இந்த வேலையை மூடிவிட்டு வேறு தலைப்பு எடு என்றார். மூன்று வருஷ வேலை அவளுக்கு. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாரக் கடைசியில் எலக்ட்ரீசியன் தம்பியை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை தெரியாமல் தொட்டிக்குள் கரண்ட் விட்டவர் என்று பேர். அவர் திருப்புளி, கட்டர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"யக்கா, டீக்கு நன்றி. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அதுங்கிட்ட சொல்லு, நான் பண்ணதில்லன்னு."

அப்போது அவர் வாய் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஊரில் என் தம்பி மகளுக்குக் காது குத்து. லீவு சொல்லிவிட்டு உளுந்தூர்ப்பேட்டை, எலவனாசூர்கோட்டை வழியாக பஸ் மாறி மாறி சங்கராபுரம் போனேன். தம்பி கடையில் கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர் ஒருவர் மோட்டாரோடு உட்கார்ந்திருந்தார். தம்பி காயிலைப் பிரித்துக்கொண்டே என்னைக் கிண்டல் செய்தான்.

"இன்னாக்கா, உன் மீனு எப்படிக்கீது? கடிக்குதா?"

பேச்சு வராத நான், தம்பியிடம் மட்டும் பேசுவேன். சுறா மூக்கில் புள்ளி இருப்பதை, பசை இருப்பதை, மின்சாரம் வந்துவிட்டதை, எல்லாம் சொன்னேன். மெயினை நிறுத்தியும் மீட்டர் காட்டினது என்றதும் அவன் கை நின்றது.

"தொட்டியில இரும்பு கிரும்பு எதுனா கெடக்குதா?"

"ஒண்ணுமில்லடா. பிளாஸ்டிக் கூடைதான். நான்தான் நட்டு ஒண்ணு போட்டு உன் கம்பியால கட்டி வெச்சிருக்கேன்."

அவன் சிரித்தான். மலைக்காரரைப் பார்த்து, "கேட்டீங்களா? எங்க அக்கா மீனுக்கு பேட்டரி செஞ்சி குடுத்திருக்குது," என்றான்.

நானும் சிரித்தேன். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவன் ஒரு டம்ளர் தண்ணீரில் கை நிறைய உப்பு போட்டுக் கலக்கினான். வெள்ளைப் பூச்சு போட்ட நட்டு ஒன்றை ஒரு பக்கம், செம்புக் கம்பியை ஒரு பக்கம் வைத்து, மீட்டரின் இரண்டு முனையையும் தொட்டான். முள் விலகியது. சுவிட்சும் இல்லை, வயரும் இல்லை. முள் அப்படியே நின்றது.

"வெள்ளைப் பூச்சு துத்தநாகம். அதும் செம்பும் உப்புத்தண்ணியில சேந்துதுன்னா கரண்ட்டு ஓடும். நம்ம கெணத்துத் தண்ணியிலயும் ஓடும், ஆனா ரொம்ப கம்மி, அங்க அத யாரு பாக்கறது? மீனா பாக்குது? நீ போய்ப் பாரு. நட்டு வெள்ளையா பூத்துப்போய் அரிச்சிருக்கும். கம்பி மட்டும் புதுசாட்டம் பளபளன்னு இருக்கும். அப்படி இருந்துதுன்னா அதான்."

காது குத்துச் சோற்றில் பாதியை இலையிலேயே வைத்து எழுந்தேன். தம்பி பெண்டாட்டி, "அண்ணி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னவள் மறுநாளே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்குள் ஒரே கணக்கு. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த எலக்ட்ரீசியன் தம்பியின் பேர் போனது போனதுதான்.

போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கூழாங்கல்லை ஒதுக்கினேன். நட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. தொட்டதும் உதிர்ந்தது. கம்பி, தம்பி கடையில் எடுத்த அன்று இருந்த மாதிரியே மின்னியது. அதை அவிழ்த்து, நட்டோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன். கூடையை நைலான் கயிற்றால் கட்டினேன். இப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பெரிய சுறா பலகைக்கு வந்தது. மூன்றாம் முனையைக் கவ்வியது. பாப்பா கத்திவிட்டாள். நோட்டில் நான் "தின்றது" என்று எழுதினேன்.

ஆனால் என்ன ஆயிற்று தெரியுமா? புதிதாக வந்த எலக்ட்ரீசியன் முந்தின நாள் காலையில்தான் அந்த எர்த்துக் கம்பியைத் துண்டித்திருந்தார். பெரிய சார் அறைக்கு வந்து, தொட்டியைப் பார்த்து, "பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல? அந்த ஆள் வேலைதான்," என்றார். பாப்பாவும் தலையை ஆட்டினாள். நான் துடைப்பத்தோடு கதவு ஓரம் நின்றேன். என் முந்தானையில் கம்பி இருந்தது.

கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். மீனுக்குச் சரியாயிற்று. அந்தத் தம்பியின் பேரில் இருந்த பழியை நானே ஆணி அடித்து நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரம் அப்படியே இருந்தேன். பாப்பாவிடம் சொல்ல மூன்று முறை போனேன். "இன்னா ஆயா?" என்பாள். "இறால் தீந்துபோச்சி," என்று ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவள் ஆராய்ச்சிக் காகிதத்தில், எர்த்துக் கசிவினால் இத்தனை நாள் கணக்கு கெட்டது என்று எழுதப்போவதாகச் சொன்னாள். அச்சில் வந்துவிட்டால் பிறகு யார் மாற்றுவது?

கடைசியில் நோட்டில் எழுதினேன். தின்றது, தின்னவில்லை என்று எழுதுகிற அதே இடத்தில். "கூடையில் இரும்பு நட்டு வைத்து செம்புக் கம்பியால் கட்டினது நான். அன்றிலிருந்துதான் மீன் கெட்டது. ஊரிலிருந்து வந்த அன்று மத்தியானம் அவிழ்த்தேன். எலக்ட்ரீசியன் தம்பி செய்யவில்லை." கீழே என் பேர் போட்டேன். அந்த நிலையத்தில் என் கையால் என் பேரை எழுதினது அன்றுதான்.

பாப்பா படித்ததை நான் கழுவுகிற இடத்திலிருந்து பார்த்தேன். படித்தாள். திரும்பவும் படித்தாள். முன் பக்கங்களைப் புரட்டினாள். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

"கம்பி எங்க ஆயா?"

கொடுத்தேன். நட்டையும் கொடுத்தேன். தொட்டியில் போடவில்லை, ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் கடல் தண்ணீர் பிடித்து, இரண்டையும் பழையபடி சுற்றி அடியில் வைத்து, மீட்டர் முனைகளை இறக்கினாள். வெளியே எடுத்தால் குறைந்தது. உள்ளே வைத்தால் ஏறியது. பல தடவை பார்த்தாள்.

"எட்ட இருந்து பாத்தா அதுங்களுக்கு இரை மாதிரி இருந்திருக்கும்," என்றாள், எனக்குச் சொல்கிறாளா தனக்குள்ளே சொல்கிறாளா தெரியவில்லை. "கிட்ட போனா தாங்காது. அத்தாலதான் போயி போயி திரும்புச்சி. தொட்டி பூரா இதே இருந்தா என் பலகைல இருக்கற துளி கரண்ட்டு எங்க தெரியும்?" பிறகு என்னைப் பார்த்தாள். "ஏன் ஆயா மொதல்லயே சொல்லல?"

"மொதல்ல தெரியாது பாப்பா."

"தெரிஞ்ச பெறவு?"

நான் டிரம்மைச் சுற்றிச் சிந்தின தண்ணீரைத் துடைத்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பெரிய சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ஆயா தெரியாமல் செய்தது, விடு என்றாராம். அந்த ஆள் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார், இனி அதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றாராம். என் வேலை போகவில்லை. அது எனக்கு இன்னும் பாரமாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். எலக்ட்ரீசியன் தம்பி வாசலில் ஐஸ் பெட்டி ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி எனக்கு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"பதினஞ்சி நாளு யக்கா. அந்த மோட்டாரை எத்தினி வாட்டி கழட்டினேன். நீ பக்கத்துல நின்னு டார்ச்சு புடிச்ச."

"ஆமா தம்பி."

"உன் காலு கிட்டயே இருந்திருக்குது."

"ஆமா."

அவர் கொஞ்சம் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "எர்த்து ஒழுங்காத்தான் போட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா பாரு, போன வாரம் ஐஸ் கம்பெனில வேல கேட்டேன். தொட்டியில கரண்ட்டு வுட்டவன் நீதானேன்னான். இங்க சேதி சீக்கிரம் போவும். நீ என்கிட்ட வந்து அழுது இன்னா? அங்க காயிதத்துல எழுதச் சொல்லு."

அவர் பெண்டாட்டி, "வுடுய்யா, பெரியவங்க," என்றாள். அவர் திரும்பவும் ஐஸ் பெட்டியின் பக்கம் குனிந்துகொண்டார். டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

பாப்பாவிடம் வந்து, காகிதத்தில் எழுது என்றேன். என் வாழ்க்கையில் படித்தவர் ஒருவரிடம் நான் இதைச் செய் என்று சொன்னது அது ஒன்றுதான். அவள் எழுதுகிறேன் என்றாள். ஆராய்ச்சிக் காகிதத்தில் கூடையைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் எழுதினதாக எனக்குக் காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. எர்த்து சரியாகத்தான் இருந்தது என்று அதில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, இந்த வரி என்று விரலை வைத்தாள். நிலையத்திலிருந்து அந்தத் தம்பிக்குக் கடிதம் கொடுக்கச் சாரிடம் கேட்டிருப்பதாகவும் சொன்னாள். அவளுக்குப் பட்டம் கிடைத்தது, ஊருக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் முழங்கால் வலியால் என்னாலும் தொட்டி கழுவ முடியவில்லை. மலைப் பக்கமே வந்துவிட்டேன். கடிதம் போனதா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுத எனக்கு முகம் இல்லை.

இப்போதும் தம்பி கடையில் செம்புக் கம்பிச் சுருளைப் பார்த்தால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கொடி கட்டுவதற்குச் சணல் வாங்கி வைத்திருக்கிறேன்.

சுறாவைப் பற்றி நான் எழுதினதில் பிசகு இருந்தால் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். பேட்டரி, மைல் கணக்கு எல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அதைவிட முக்கியமாக இன்னொன்று. கடலூர்ப் பக்கத்துக் கடலோர நிலையம் எதற்காவது போகிறவர்கள் இருந்தால், கடைசி அறைத் தொட்டியின் பழைய நோட்டைக் கேட்டுப் பாருங்கள். "தின்னவில்லை" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கும், அதைத் தாண்டி இரண்டு மூன்று பக்கத்தில் கோணல் கையெழுத்தில் நாலு வரி. அந்தப் பக்கம் கிழிக்கப்படாமல் இருக்கிறதா, அந்தத் தம்பிக்குக் கடிதம் போனதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் போதும்.